0.0250 mol dm⁻³ HCl: pH 1.60 ஆ, 2.40 ஆ?

"சேர், 0.100 mol dm⁻³ HCl இல் 25.0 cm³ எடுத்து 100.0 cm³ வரை ஐதாக்கினோம். pH கேட்டிருக்கு. எனக்கு 2.40 வருது, பக்கத்தில் இருக்கிறவளுக்கு 1.60. லேப்பில் pH தாளை நனைத்துப் பார்த்தோம், 2 காட்டியது, அதனால் என்னுடையதுதான் சரி என்று நினைக்கிறேன். மடக்கை அட்டவணையையும் சரியாகத்தான் பார்த்தேன். யார் பிழை? (உயர்தரம், ஹட்டன்)"

தங்கச்சி, 1.60 தான் சரி. ஆனால் நீங்கள் செய்த வேலையில் பெரும்பகுதி சரியாகவே இருக்கிறது, பிழை ஒரே ஒரு கோட்டில். பண்டாரவளைப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், இந்த 2.40 ஐ ஒவ்வொரு பிரிவிலும் யாராவது ஒருவரின் கொப்பியில் பார்க்கிறேன், அதனால் விடையைப் பார்த்தவுடனேயே எந்த இடத்தில் வழுக்கியது என்று தெரிந்துவிட்டது.

செறிவில் சந்தேகம் இல்லை. 25.0 cm³ அமிலம் 100.0 cm³ ஆனால் நான்கு மடங்கு ஐதாகிறது, 0.100 ஐ நான்கால் வகுத்தால் 0.0250 mol dm⁻³. HCl வன்னமிலம், இந்தச் செறிவில் முழுவதும் அயனாகிவிடும், ஆகவே H⁺ செறிவும் 0.0250 தான். இதுவரை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்திருப்பீர்கள். அட்டவணையில் 2.5 நிரையில் 0 நிரலில் 3979 என்று இருக்கும், அதையும் சரியாக எடுத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் 2.40 வரவே வராது.

அட்டவணை தருவது 1 க்கும் 10 க்கும் இடைப்பட்ட எண்களின் மடக்கையை மட்டும். 2.50 இன் மடக்கை 0.3979. நமக்கு வேண்டியதோ 0.0250, அதாவது 2.50 × 10⁻². அந்த 10⁻² க்காக −2 ஐ நாம்தான் சேர்க்க வேண்டும். கணித பாடத்தில் இதை 2̄.3979 என்று எழுதி "பார் இரண்டு" என்று வாசிக்கப் பழக்கியிருப்பார்கள். கோடு இரண்டின் தலைக்கு மேல் மட்டும்தான் இருக்கிறது, பார்த்தீர்களா? 2 மட்டும் மறை, .3979 நேர். நீங்கள் அந்தக் கோட்டை இறக்கி முன்னால் போட்டு −2.3979 ஆக்கிவிட்டீர்கள், பிறகு pH க்காக ஒரு மறைக்குறியைப் பெருக்க 2.3979, கிட்டத்தட்ட 2.40. உண்மையில் நடக்க வேண்டியது இது:

```
log 0.0250 = −2 + 0.3979 = −1.6021
pH = −(−1.6021) = 1.60
```

இரண்டு ரூபாய் கடன் இருக்கிறது, கையில் நாற்பது சதம் இருக்கிறது என்றால் மொத்தக் கடன் ஒரு ரூபாய் அறுபது சதம், இரண்டு ரூபாய் நாற்பது சதம் இல்லை. பார் குறியீடு சொல்வது அவ்வளவுதான். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மடக்கை பார்க்கிற வரைக்கும் பார் வசதியானது, ஏனென்றால் தசமப் பகுதி நேராகவே இருந்தால்தான் முரண்மடக்கை அட்டவணையில் தேட முடியும். pH இல் மட்டும் நாம் மடக்கையையே விடையாக எழுதுகிறோம், அதனால் அங்கே பாரை உடைத்து ஒரே எண்ணாக்கித்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் pH கணக்கில் பாரே வேண்டாம், −2 + 0.3979 என்று நீளமாகவே எழுதுங்கள், ஒரு வரி கூடினாலும் பரவாயில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் விடையின் தசமம் .40, தோழியின் விடையின் தசமம் .60, இரண்டையும் கூட்டினால் சரியாக 1. அது தற்செயல் இல்லை. பாரைத் தவறாக வாசித்தால் எப்போதும் அப்படித்தான் வரும். இரண்டு பேரின் விடைகளில் தசமங்கள் கூடி 1 ஆகிறது என்றால் செறிவில் தேட வேண்டாம், நேரே பார் இருந்த வரிக்குப் போங்கள்.

சரி, யாரிடமும் கேட்காமல் இதை நீங்களே பிடித்திருக்க முடியுமா? முடியும், அட்டவணையைத் தொடவும் தேவையில்லை. 0.1 mol dm⁻³ இன் pH 1, 0.01 இன் pH 2. நமது 0.0250 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஆகவே pH உம் 1 க்கும் 2 க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். 2 ஐத் தாண்டியிருந்தால் கரைசல் 0.01 ஐ விடவும் ஐதானது என்று சொன்னது மாதிரி ஆகிவிடும். கணக்குத் தொடங்கும் முன்பே ஓரத்தில் "1 க்கும் 2 க்கும் நடுவில்" என்று பென்சிலால் எழுதி வையுங்கள், 2.40 வந்தவுடனேயே கை நின்றுவிடும்.

ஐதாக்கலை வைத்தும் நேரே போகலாம், எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். தொடக்க அமிலத்தின் pH 1.00. நான்கு மடங்கு ஐதாக்கினால் pH கூடுவது log 4 அளவு. log 2 = 0.3010 என்பது உயர்தரப் பிள்ளைகளுக்கு மனப்பாடம், இரண்டு மடங்கெடுத்தால் 0.602. 1.00 உடன் கூட்டினால் 1.60, வேலை முடிந்தது. பல்தேர்வு வினாவில் கணிப்பான் இல்லாமல் இருக்கும்போது இதைவிட வேகமான வழி கிடையாது. இதே வழியில் உங்கள் 2.40 ஐத் திருப்பிப் பாருங்கள்: pH 1.40 கூடியிருக்கிறது என்றால் அது 25 மடங்கு ஐதாக்கல், அதாவது 100 cm³ செய்ய 4 cm³ அமிலம் மட்டும் எடுத்ததாக அர்த்தம். நீங்களோ 25.0 cm³ குழாயியால் அளந்து விட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த pH தாள். உங்களைக் குழப்பியதே அதுதான் என்று நினைக்கிறேன். பாடசாலை லேப்பில் இருக்கும் சாதாரணத் தாள் ஒரு முழு அலகுக்கு ஒரு நிறம் என்று காட்டும். 1.60 கரைசலில் நனைத்தாலும் கண்ணுக்கு மிக நெருக்கமான நிறம் 2, 2.40 கரைசலில் நனைத்தாலும் அதே 2. ஆகவே தாள் உங்கள் பக்கமும் பேசவில்லை, தோழி பக்கமும் பேசவில்லை. கரைசல் வன்மையான அமிலத்தன்மை உள்ளது என்பதை மட்டும் சொன்னது.

பரிசோதனையாலேயே தீர்ப்பு வேண்டுமென்றால் நியமிப்புச் செய்யுங்கள். அந்த ஐதாக்கிய கரைசலில் 25.0 cm³ எடுத்து, இரண்டு துளி பினோத்தலீன் விட்டு, அளவியிலிருந்து 0.0500 mol dm⁻³ NaOH சேருங்கள். pH 1.60 சரியென்றால் 12.5 cm³ அருகில் இளஞ்சிவப்பு நிலைக்கும். 2.40 சரியென்றால் H⁺ செறிவு 0.00398 மட்டுமே, வெறும் 2 cm³ இலேயே நிறம் மாறியிருக்க வேண்டும். 12.5 ஐயும் 2 ஐயும் யாரும் குழப்ப முடியாது.

வீட்டில் போனில் சரிபார்க்கிறீர்கள் என்றால் அங்கே வேறு இரண்டு பொறிகள் இருக்கின்றன. `ln` ஐ அழுத்திவிட்டால் விடை 3.69 வரும், அது இயற்கை மடக்கை, pH க்கு வேண்டியது அடி 10 மடக்கை. (3.69 ஐ 2.303 ஆல் வகுத்தால் 1.60 திரும்பக் கிடைக்கும், அதிலிருந்தே என்ன நடந்தது என்று உறுதிப்படுத்தலாம்.) மற்றது, அடைப்புக்குறி இல்லாமல் log 2.5 × 10⁻² என்று அடிப்பது. சில கணிப்பான்கள் 2.5 க்கு மட்டும் மடக்கை எடுத்து அதைப் பிறகு 0.01 ஆல் பெருக்கி 0.00398 என்று காட்டும். எண்ணை 0.025 என்றே அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சுலபமான முறை எதுவரைக்கும் செல்லும் என்றும் சொல்லிவிடுகிறேன். நீர் தரும் H⁺ ஐ நாம் கணக்கில் எடுக்கவில்லை, 0.0250 க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. 10⁻⁶ வரைக்கும் இப்படியே போகலாம். 10⁻⁸ mol dm⁻³ HCl என்று கேட்டால் pH 8 என்று எழுதிவிடாதீர்கள், அமிலத்தை ஊற்றி நீரைக் காரமாக்க முடியாது, அங்கே நீரின் பங்கையும் சேர்த்தால் 6.98 வரும். மறுபக்கம், நல்ல pH மானியை உங்கள் கரைசலில் வைத்தால் 1.60 ஐ விடக் கொஞ்சம் கூட, 1.66 அளவில் காட்டலாம். அயன்கள் ஒன்றையொன்று இழுப்பதால் H⁺ தன் செறிவைவிடச் சற்றுக் குறைவாகவே வேலை செய்கிறது, மானி அதைத்தான் உணர்கிறது. உயர்தரக் கணக்குக்கு அது தேவையில்லை. நுவரெலியாக் குளிரில் விடை மாறுமா என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். 15 °C இல் நடுநிலை நீரின் pH தான் 7.17 வரை ஏறும், உங்கள் வன்னமிலத்தின் 1.60 அப்படியே இருக்கும்.

கடைசியாக, அடுத்த கேள்வி பெரும்பாலும் திருப்பித்தான் வரும்: HCl கரைசலின் pH 2.35, செறிவு என்ன? இங்கேயும் அதே இடத்தில்தான் வழுக்கும். log [H⁺] = −2.35. உடனே 0.35 க்கு முரண்மடக்கை பார்க்கப் போகாதீர்கள், ஏனென்றால் இங்கே .35 உம் மறைதான். −2.35 ஐ −3 + 0.65 என்று மாற்றுங்கள், 0.65 இன் முரண்மடக்கை 4.467, ஆகவே செறிவு 4.47 × 10⁻³ mol dm⁻³. pH 2 க்கும் 3 க்கும் நடுவில் இருப்பதால் செறிவு 0.01 க்கும் 0.001 க்கும் நடுவில் வர வேண்டும், 0.00447 அதற்குள் இருக்கிறது. 0.35 ஐ அப்படியே பார்த்தவருக்கு 2.24 × 10⁻³ வரும், அதுவும் அதே எல்லைக்குள்தான் விழுகிறது, ஆகவே இந்தப் பக்கம் எல்லையை மட்டும் நம்ப முடியாது. கிடைத்த செறிவை மறுபடி pH ஆக்கிப் பாருங்கள்: log 2.24 = 0.35, −3 + 0.35 = −2.65, pH 2.65. கேள்வியில் கொடுத்தது 2.35.