ஸ்கேல் எடுத்து முடியை அளந்து பாருங்க, அப்புறம் பேண்ட் வாங்கலாம்

கேள்வி: அக்கா, எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. இப்ப உச்சியைச் சுத்தி சின்னச் சின்ன முடியா நட்டுக்கிட்டு நிக்குது, சீப்புல துண்டு துண்டா வருது. காலைல தலைக்குக் குளிச்சிட்டு 7 மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும், அவசரத்துல ஈரத்தோடயே தூக்கிப் போனிடெயில் போட்டுடுவேன். ரப்பர் பேண்ட்தான் காரணம்னு சொன்னாங்க, சாட்டின் ஸ்க்ரஞ்சி ஆறு வாங்கினேன், ஒரு மாசமாச்சு, ஒண்ணும் மாறல. கிளட்ச் போட்டா மண்டை வலிக்குது. சைடுல டிக் டாக் கிளிப் போடுறேன். இதுல எதுதான் முடியை உடைக்காது? - ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஆறு ஸ்க்ரஞ்சிக்குக் கொடுத்த காசுக்கு ஒண்ணு போதும்மா, மிச்ச அஞ்சையும் தங்கச்சி யாராவது இருந்தா கொடுத்துடுங்க. ஏன்னா நீங்க கேட்டது பேண்டைப் பத்தி, ஆனா போற போக்குல "ஈரத்தோடயே"ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிருக்கீங்க பாருங்க, பிரச்சனை அங்கதான் உக்காந்திருக்கு.

ஆனா முதல்ல அது உடையுற முடியா, கொட்டுற முடியான்னு பாக்கணும். சீப்புல வந்த முடியை எடுத்து ஒரு கருப்புத் துணி மேல வைங்க. ஒரு முனையில சின்னதா வெள்ளைக் குமிழ் மாதிரி இருந்தா அது வேரோட வந்தது, தானா உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 வரைக்கும் அப்படி உதிர்றது சாதாரணம், அதுக்கும் நீங்க போடுற கிளிப்புக்கும் சம்பந்தமே இல்ல. குமிழ் இல்லாம ரெண்டு பக்கமும் வெட்டின மாதிரி இருந்தா அது உடைஞ்சது. அதே மாதிரி உச்சியில நிக்குற குட்டி முடியோட நுனியையும் வெளிச்சத்துல பாருங்க, நுனி மெலிஞ்சு ஊசி மாதிரி முடிஞ்சா அது புதுசா முளைச்சு வர்ற முடி, சந்தோஷப்படுங்க. மொண்ணையா முடிஞ்சா அறுந்த முடி.

அறுந்ததுதான்னு தெரிஞ்சா இப்ப ஸ்கேல் எடுங்க. வழக்கமா கட்டுற உயரத்துலயே போனிடெயில் கட்டுங்க, குட்டி முடி நிக்குதே அந்த இடத்துல இருந்து பேண்ட் உக்காந்திருக்கிற இடம் வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு அளங்க. அப்புறம் குட்டி முடியோட நீளத்தை அளங்க. உதாரணத்துக்கு வேர்ல இருந்து பேண்ட் வரைக்கும் 7 சென்டிமீட்டர், குட்டி முடியும் 7, 8ன்னு பக்கத்துல பக்கத்துல வந்துச்சுன்னா சந்தேகமே வேண்டாம், கட்டுற இடத்துலதான் அறுகுது. ஒண்ணு 3, ஒண்ணு 12, ஒண்ணு 20ன்னு கண்டபடி இருந்தா பேண்டை விட்டுட்டு உங்க சீப்பையும், ஸ்ட்ரெய்ட்னர், கலரிங் ஏதாவது பண்ணீங்களான்னும் யோசிங்க.

இப்ப ஈரத்துக்கு வருவோம். முடிங்கறது கெரட்டின்ங்கற புரதம், மேல மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா ஒரு உறை. தண்ணி உள்ள போனா முடி ஊதும், உள்ள பிடிச்சு வைக்கிற ஹைட்ரஜன் பிணைப்பெல்லாம் விட்டுப் போகும், மேல இருக்கிற செதிலும் தூக்கிக்கும். காய்ஞ்ச முடியை விட ஈர முடி ரொம்ப அதிகமா நீளும், ஆனா ஒரு அளவுக்கு மேல இழுத்துட்டா பழைய நிலைக்கு வராது, உள்ளயே சேதமாயிடும். நீங்க என்ன பண்றீங்க, அந்த நிலைமையில இருக்கிற முடியைத் தூக்கி இழுத்து இறுக்கிக் கட்டிட்டு பஸ் ஏறிடுறீங்க. வெளிய தொங்குற வால் காத்துல காய்ஞ்சிடும், பேண்டுக்குள்ள மாட்டின ரெண்டு சென்டிமீட்டர் மட்டும் மத்தியானம் வரைக்கும் நசநசன்னே இருக்கும், இழுவிசையும் அங்கதான் விழுது. இந்த லட்சணத்துல அதுக்கு மேல சாட்டின் இருந்தா என்ன, பட்டு இருந்தா என்ன? ஒரு மாசமா மாறலைங்கறதுக்கு இதுதான் காரணம். இன்னொண்ணும் இருக்கு, முடி மாசத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும், அதனால நீங்க எல்லாத்தையும் சரியாவே பண்ணியிருந்தாலும் ஒரு மாசத்துல கண்ணுக்குத் தெரியாது.

அப்ப பேண்டுல வித்தியாசமே இல்லையான்னா, நல்லாவே இருக்கு.

ரப்பர் பேண்ட், அதாவது ஆபீஸ்ல பேப்பர் கட்டு கட்டுறது, மளிகைக் கடையில பொட்டலத்துக்குப் போடுறது, இதைத் தலையில போடவே கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. ரப்பர் முடி மேல வழுக்காது, பிடிச்சுக்கும், கழட்டும்போது செதிலையும் சேர்த்து உரிச்சுட்டு வரும். மெல்லிசா இருக்கறதால மொத்த இறுக்கமும் ஒரு நூல் அகலத்துல விழும். நம்ம ஊர்ல தேங்கா எண்ணெய் வேற வைப்போம், எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி, இளகி, பிசுபிசுன்னு ஒட்ட ஆரம்பிச்சுடும். குழந்தைங்களுக்கு கலர் கலரா சின்ன ரப்பர் போட்டு விடுறோமே அதுவும் இதே கதைதான், சாயங்காலம் அதை உருவாதீங்க, கத்தரிக்கோல் நுனியால ரப்பரை மட்டும் வெட்டி எடுங்க. துணி சுத்தின பேண்ட் பரவாயில்ல, ஆனா ரெண்டு முனையைச் சேர்க்குற இடத்துல ஒரு குட்டித் தகடு அமுக்கியிருப்பாங்க பாருங்க, அது இருந்தா வாங்காதீங்க, முடி அந்த இடுக்குல போய் மாட்டிக்கும். தகடு இல்லாம ஒட்டினதோ தைச்சதோ ஃபேன்ஸி ஸ்டோர்லயே கிடைக்குது.

ஸ்க்ரஞ்சி நல்லதுதான், சும்மா ஃபேஷனுக்கு வந்த சாமான் இல்ல. அமெரிக்காவுல ராமி ரெவ்சன்னு ஒரு பாடகி, அப்ப இருந்த முடி கட்டுற பேண்டெல்லாம் முடியைப் பாழாக்குதுன்னு பைஜாமா இடுப்புல எலாஸ்டிக்குக்கு மேல துணி சுருங்கியிருக்கிறதைப் பாத்துட்டு செஞ்சது இது, 1987ல பேடண்ட் கிடைச்சது. உள்ள எலாஸ்டிக், மேல சுருங்கின துணி, அதனால இறுக்கம் அகலமாப் பரவுது, முடி துணி மேல வழுக்குது. கடையில சாட்டின்னு விக்கிறது பெரும்பாலும் பாலியஸ்டர்தான், பரவாயில்ல, வழவழன்னு இருந்தா சரி. பிரச்சனை எங்க வருதுன்னா, வழுக்குது நிக்கலைன்னு நாம மூணாவது சுத்து சுத்துவோம். அதுக்கப்புறம் அது ஸ்க்ரஞ்சி இல்ல, துணி போத்தின ரப்பர் பேண்ட். ரெண்டு சுத்துல நிக்கலைன்னா கொஞ்சம் சின்னதா வாங்குங்க, இல்ல கட்டுற இடத்தைக் கீழ இறக்குங்க. அப்புறம் கட்டி முடிச்சதும் வாலை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு கையால இழுத்து டைட் பண்ணுவீங்களே, நீங்க பண்ணலைன்னு சொல்லாதீங்க, எல்லாரும் பண்றோம், அதை விடுங்க. அத்தனை முடியும் இறுக்கத்துக்கு உள்ள அரைபட்டுக்கிட்டே நகருது. டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் பேண்டும் இறுக்கமில்லாம இருக்கும், ஆனா சுருட்டை முடியில சிக்கிக்கும், உங்களுக்கு நேர் முடின்னா போட்டுப் பாக்கலாம்.

நான் முதல் இடம் கொடுக்கறது கிளட்சுக்கும் நம்ம பாட்டிங்க வச்சிருந்த கொண்டை ஊசிக்கும்தான். ரெண்டுமே முடியைச் சுத்தி நெரிக்கிறதில்ல. கொண்டை ஊசி வெறும் U வடிவக் கம்பி, அது கவ்வுறது கிடையாது, முறுக்கின கொண்டைக்குள்ள குறுக்க நுழைஞ்சு நிக்குது அவ்வளவுதான். இடுப்பு வரைக்கும் முடி இருக்கிறவங்களுக்கு நாலஞ்சு ஊசி தாராளம்.

உங்களுக்குக் கிளட்ச் வலிக்குதுன்னா மூணு காரணம் இருக்கலாம். சைஸ் சின்னது, உங்க முடிக்கு அது வாயைப் பிளந்துக்கிட்டே நிக்கும், பல்லு மண்டையில குத்தும். இல்ல, முறுக்கின முடியைக் கவ்வாம தோலை ஒட்டிக் கவ்வ விடுறீங்க. இல்லன்னா பஸ் சீட்ல சாய்ஞ்சு தூங்கிட்டுப் போறீங்க (7 மணி பஸ்ல யார்தான் தூங்கல). பெரிசா ஒண்ணு எடுங்க, வாங்கும்போது பல்லு ஓரமா விரலை ஓட்டிப் பாருங்க, அச்சுல வார்த்த கோடு சொரசொரன்னு தட்டுப்பட்டா வேண்டாம், ஒரு பல்லு உடைஞ்சாலும் தூக்கிப் போட்டுடுங்க. டூவீலர்ல ஹெல்மெட் போடுற நாள்ல பின்மண்டையில கிளட்ச் கூடாது, அன்னிக்குத் தளர்வா பின்னி நுனியில சின்ன ஸ்க்ரஞ்சி.

டிக் டாக் கிளிப் தகடு, ஓரம் மெல்லிசு, டக்குனு மடங்கும்போது முடியை ஒரே கோட்டுல மடிச்சுப் பிடிக்குது. எப்பவாவது போட்டா ஒண்ணும் ஆகாது, தினமும் அதே இடத்துல போட்டு, அமுக்கித் திறக்காம உருவி எடுத்தா அந்த வரிசை மட்டும் அறுந்துக்கிட்டே வரும். பெயின்ட் உரிஞ்சது, துரு பிடிச்சது எல்லாம் குப்பைக்கு. கருப்பு ஹேர்பின்னும் அப்படித்தான், நுனியில இருக்கிற பிளாஸ்டிக் உருண்டையை நாம பல்லால கடிச்சுத் திறந்து திறந்து எடுத்துடுறோம், அப்புறம் வெறும் கம்பி தோலைக் கீறுது.

உங்க விஷயத்துக்கு இப்படிப் பண்ணுங்க. வாரத்துல ரெண்டு நாள் தலைக்குக் குளிக்கிறீங்கன்னா அதை முதல் நாள் சாயங்காலத்துக்கு மாத்துங்க, காய்ஞ்சப்புறம் தளர்வா பின்னிப் படுங்க. காலைலதான் குளிச்சாகணும்னா பழைய காட்டன் வேட்டித் துணியால அழுத்தி ஒத்தி எடுங்க, முறுக்கிப் பிழிய வேண்டாம், பெரிய கிளட்சைப் பின்கழுத்துப் பக்கம் லூசா போட்டுட்டு பஸ் ஏறுங்க, கம்பெனி போய் காய்ஞ்சதும் பின்னிக்கலாம். மிஷின் பக்கத்துல வேலைன்னா பின்னி கொண்டையா முடிஞ்சே ஆகணும், அதுக்குத்தான் கொண்டை ஊசி. மத்த நாள்ல ஸ்க்ரஞ்சி போட்டு போனிடெயில் கட்டினாலும் ஒரு நாள் கீழ, ஒரு நாள் கொஞ்சம் மேலன்னு இடத்தை மாத்துங்க. அளந்து வச்ச 7 சென்டிமீட்டர் முடியை மூணு மாசம் கழிச்சு திரும்ப அளங்க, 10 கிட்ட வந்து, புதுசா மொண்ணை முடி குறைஞ்சிருந்தா சரியான வழியிலதான் போறீங்க.

நெத்தி ஓரத்துலயும் காது மேலயும் முடி மெலிஞ்சு தோல் தெரிய ஆரம்பிச்சிருந்தா மட்டும் தள்ளிப் போடாதீங்க, அது வேரையே இழுக்கிற பிரச்சனை, ஆரம்பத்துலயே இழுக்கறதை நிறுத்திட்டா திரும்ப முளைக்கும், வருஷக்கணக்கா இழுத்துட்டா வேர் செத்துடும், தோல் டாக்டரைப் பாருங்க. கருப்புத் துணி மேல வச்ச முடியெல்லாம் குமிழோட வந்து, நாளைக்கு 100க்கு மேல கொட்டினாலும் டாக்டர்தான், ரெண்டு மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல், பிரசவம் எதுவும் இருந்துச்சான்னு கேப்பாங்க, இரும்புச்சத்தும் தைராய்டும் பாக்கச் சொல்லுவாங்க.

உச்சியில நிக்குற குட்டி முடியை அமுக்கறதுக்குத்தான் டிக் டாக் கிளிப்னா, அதுக்கு ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெயை உள்ளங்கையில தேய்ச்சு மேலாகத் தடவுங்க, போதும்.