ஒன்பது பக்க சி.வி.யிலிருந்து என்.ஐ.எச். பயோஸ்கெட்சுக்கு

"அக்கா, கொழும்பில் பி.எச்.டி. முடித்துவிட்டுப் போன மாதம்தான் அமெரிக்கா வந்தேன். நுளம்பு வேலைதான். பேராசிரியர் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச்.-க்குப் போடும் மானிய விண்ணப்பத்தில் என்னையும் சேர்க்கிறார், அதோடு வைக்கும் சுருக்கமான ஆராய்ச்சி விவரமான பயோஸ்கெட்ச் கேட்கிறார். என்னிடம் இருப்பது 9 பக்க சி.வி. 14 வெளியீடுகளில் எதை எடுப்பது, பங்களிப்பு என்று என்ன எழுதுவது? வீடு, குளிர் உடுப்பு, வங்கி பற்றியும் சொன்னால் நல்லது."

தங்கச்சி, வீட்டையும் குளிர் உடுப்பையும் உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் ஒரே பின்னேரத்தில் சொல்லித் தந்துவிடுவார்கள். வங்கிக்குப் பாஸ்போர்ட்டோடு போங்கள், வேறு என்ன வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். பயோஸ்கெட்சை மட்டும் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

உங்கள் சி.வி.யைப் பார்க்காமலே சொல்வேன். முதல் பக்கத்தில் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, திருமணமானவரா இல்லையா. அப்புறம் பாடசாலை, ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகள், மாவட்ட நிலை, மாணவத் தலைவி, வலைப்பந்து. ஆராய்ச்சி நாலாம் பக்கத்தில்தான் தொடங்கும். கடைசியில் உறவினர் அல்லாத இரண்டு பேரின் முகவரியும், மேற்சொன்னவை உண்மை என்ற கையெழுத்தும். நானும் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அப்படி ஒன்றை டைப் அடித்து எடுத்துக்கொண்டுதான் வந்தேன். ஊரில் விரிவுரையாளர் பதவிக்கு அதுதான் கேட்பார்கள். இங்கே நான் சேர்ந்த இடத்தில் மானிய வேலை பார்த்த அலுவலகம் அதை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் திருப்பி அனுப்பியது. எங்கள் ஊர் சீனியர் ஒருவரிடம் கேட்டேன். "உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள்" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் நீட்டி எழுதுகிறேன்.

முதல் எச்சரிக்கை: நம்மவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பழைய வேர்ட் ஃபைலைத் தொடாதீர்கள். ஐந்து பக்கம், ஒவ்வொரு பங்களிப்புக்கும் கீழே நான்கு கட்டுரை என்பது பழைய வடிவம். 2026 ஜனவரி 25 முதல் வரும் கெடுக்களுக்கு என்.ஐ.எச். அமெரிக்க அரசு நிறுவனங்களுக்கான பொதுப் படிவத்துக்கு மாறிவிட்டது. அதை SciENcv தளத்தில் நிரப்ப வேண்டும், அதற்கு ORCID iD என்ற ஆராய்ச்சியாளர் அடையாள எண் வேண்டும். வெளியீடுகள் இரண்டு கட்டாக வரும்: இந்த விண்ணப்பத்தோடு நெருங்கியவை அதிகபட்சம் ஐந்து, மற்ற முக்கியமானவை அதிகபட்சம் ஐந்து. தன்னைப் பற்றிய கூற்றுக்கும் பங்களிப்புகளுக்கும் தனியாக ஓர் இணைப்புப் படிவம் உண்டு. அதில் கூற்றுக்கு 3,500 எழுத்துகள். பங்களிப்புகள் ஐந்து வரை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 2,000. இடைவெளியும் கணக்கில் சேரும், ஆகவே 2,000 என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய 300 சொல்தான்.

14-இல் எதை எடுப்பது? முதலில் வருடாந்த மாநாட்டுச் சுருக்கங்களைக் கழியுங்கள். அதே வேலை முழுக் கட்டுரையாக வந்திருந்தால் சுருக்கத்துக்கு ஓர் இடத்தைச் செலவழிக்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்கும் பட்டியலில் இடமில்லை. ஆனால் சஞ்சிகையில் வருமுன் இணையத்தில் முன்பதிப்பாகப் போட்டு, டி.ஓ.ஐ. என்ற நிரந்தர இணைய எண் இருந்தால் சேர்க்கலாம். மிஞ்சியதை எந்தச் சஞ்சிகை என்று பார்த்துப் பிரிக்காதீர்கள். விண்ணப்பத்தில் நீங்கள் செய்யப்போகும் வேலையை எது நிரூபிக்கிறது என்று பாருங்கள். நுளம்புகளின் பூச்சிகொல்லி எதிர்ப்புத்தான் பேராசிரியரின் திட்டம் என்றால், நீங்கள் இரண்டாம் பெயராக இருக்கும் எதிர்ப்புக் கட்டுரை முதல் கட்டுக்குப் போகும். நீங்கள் முதல் பெயராக எழுதிய நீர்த்தரக் கட்டுரை இரண்டாம் கட்டுக்குத்தான். பத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

இனிப் பங்களிப்பு. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். உங்கள் சி.வி.யில் "டெங்கு நுளம்புகளின் பூச்சிகொல்லி எதிர்ப்பு ஆய்வில் உதவி" என்று ஒரு வரி இருக்கும் என்று வையுங்கள். அதை நான்கு கேள்விக்குப் பதிலாக விரிக்க வேண்டும்: பிரச்சினை என்ன, என்ன கண்டோம், அதனால் என்ன மாறியது, அதில் என் கை எது.

தமிழில் மாதிரிக்கு ஒன்று. "2017-இல் இலங்கையில் 1,80,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. பரவும் காலத்தில் புகையடிப்பதையே நகரங்கள் நம்பியிருந்தன, ஆனால் அந்த மருந்துக்குக் கொழும்பு நுளம்புகள் இன்னும் சாகின்றனவா என்ற தரவு குறைவாக இருந்தது. கட்டட வேலைத்தளங்களிலும் வீடுகளிலும் எடுத்த குடம்பிகளை வளர்த்து, பெர்மெத்ரின் பூச்சிகொல்லி தோய்த்த தாளில் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி சோதித்தோம். வேலைத்தள நுளம்புகளில் 24 மணி நேரத்தில் இறந்தவை 90 சதவீதத்துக்குக் குறைவு, அதாவது எதிர்ப்பு உறுதி. அவற்றின் சோடியம் கால்வாய் மரபணுவில் எதிர்ப்புக்குரிய மாற்றத்தையும் கண்டோம். குடம்பி சேகரிப்பு இடங்களைத் தெரிவு செய்ததும், வளர்ப்புக் கூட்டத்தைப் பராமரித்ததும், பி.சி.ஆர். பரிசோதனையை எங்கள் ஆய்வுகூடத்தில் நிறுவியதும் நான்." உங்கள் உண்மையான எண்களை இதில் போடுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கற்பனை செய்யாதீர்கள். பிறகு வந்த ஓர் ஆய்வு உங்கள் முறையைப் பின்பற்றியது என்பதே போதும்.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? நம் பிள்ளைகள் அங்கேதான் ஒதுங்குகிறார்கள். சேரின் பெயர் இருக்கும்போது "நான்" என்று எழுதக் கூச்சம். கொழும்பில் மழைக்காலத்தில் வேலைத்தளக் காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய், சீமெந்துத் தொட்டியின் அடியிலிருந்து குடம்பியை உறிஞ்சி எடுத்தவள் "உதவினேன்" என்று எழுதுகிறாள். இன்னொரு பக்கம், வந்து பத்து வருடமான சிலர் ஆய்வுகூடம் முழுவதையும் தாங்களே தூக்கி நிறுத்தியதாக எழுதுவார்கள். இரண்டும் பிடிபடும், ஏனென்றால் மதிப்பாய்வாளர் ஒரு விண்ணப்பத்தில் உள்ள எல்லோருடைய பயோஸ்கெட்சையும் ஒன்றாகவே வாசிக்கிறார். எழுதி முடித்ததும் உங்கள் பெயரை மறைத்துவிட்டு வாசியுங்கள். அந்தப் பந்தியின் கீழ் உங்கள் சூப்பர்வைசரும் அப்படியே கையெழுத்துப் போடலாம் என்றால், உங்கள் பங்கு இன்னும் எழுதப்படவில்லை. நான் இதைப் பழகப் பல வருடம் பிடித்தது. இப்போது எங்கள் துறையில் அமெரிக்கப் பிள்ளைகளே தங்கள் பந்தியை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அது எனக்குப் பெருமைதான்.

பதவிகள் பகுதியில் ஒரு விஷயம். கொழும்பில் இன்னமும் கௌரவ விரிவுரையாளர் பதவி வைத்திருக்கிறீர்களா? சம்பளம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். "வெளிநாட்டுப் பதவியைச் சொன்னால் சந்தேகப்படுவார்கள், விட்டுவிடு" என்று நம்மவர்களில் சிலர் புத்தி சொல்வார்கள். கேட்காதீர்கள். படிவத்தின் முடிவில் எல்லாம் உண்மை, முழுமை என்று உறுதிப்படுத்துவது நீங்கள். மறைத்தது வெளியே வந்தால் சட்டப் பிரச்சினை.

அந்த உறுதிப்படுத்தலை வேறு யாரும் உங்களுக்காகச் செய்யவும் முடியாது. தகவலை இன்னொருவர் நிரப்பித் தரலாம், ஆனால் உங்கள் கணக்கில் நீங்களே நுழைந்து உறுதி செய்தால்தான் அனுப்பக்கூடிய பி.டி.எஃப். கிடைக்கும். கெடு நாளில் பேராசிரியர் உங்களைத் தேடும்படி வைக்காமல் ஒரு வாரம் முந்தி முடித்துவிடுங்கள். முதல் பங்களிப்புப் பந்தியை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். வார இறுதியில் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.