பாக்கிப் பட்டியலைப் பெற்றோர் குழுவில் போடலாமா?

கேள்வி: மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் பருவக் கட்டணம் பலர் இன்னும் கட்டவில்லை. பிள்ளைகளின் பெயரோடு பாக்கிப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம்’ என்றும் எழுதச் சொல்கிறார் தாளாளர். மரியாதையும் கெடக்கூடாது, பணமும் வரவேண்டும். எப்படி எழுதுவது?

பதில்: பட்டியலை மட்டும் போட்டுவிடாதீர்கள் அம்மா. பாக்கி உண்மைதானே என்று தாளாளர் கேட்பார். குற்றவியல் அவதூறு வழக்கில் உண்மை என்பது மட்டும் போதாது. அதை வெளியிட்டதில் பொதுநலன் இருந்ததா என்றும் கேட்பார்கள். அதைவிட, அந்தப் பெயர் ஒரு பிள்ளையின் பெயர். மறுநாள் வகுப்பில் அது கேலிப்பேச்சாகும். பிள்ளைக்கு மன உளைச்சல் தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

பரீட்சை மிரட்டலும் வேண்டாம். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றவே அந்தச் சட்டம் இடம் தரவில்லை. உங்கள் வரியை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், அதுவே பள்ளிக்கு எதிரான சாட்சி.

சரி, குழுவில் இப்படிப் போடுங்கள்:

“பெற்றோர்களுக்கு வணக்கம். இரண்டாம் பருவக் கட்டணத்துக்கான கடைசி நாள் நவம்பர் 10 அன்று முடிந்துவிட்டது. இன்னும் செலுத்தாதவர்கள் நவம்பர் 25 மாலை 4 மணிக்குள் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். மொத்தமாகச் செலுத்த இயலாதவர்கள் அதற்குள் அலுவலகத்தில் தவணை கேட்டு எழுதித் தரலாம். பாக்கித் தொகை அவரவர் எண்ணுக்குத் தனியே வரும். ஏற்கெனவே செலுத்தியவர்களும் கட்டணம் பொருந்தாதவர்களும் இதைப் பொருட்படுத்த வேண்டாம். – பள்ளி அலுவலகம்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரும் அதே குழுவில்தான் இருப்பார்கள்.

தவணை வரி இளக்காரமாகத் தெரிகிறது என்று தாளாளர் நினைக்கலாம். சட்டப்படி அதுதான் இதில் உறுதியான வரி. கட்டண பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அதற்குள் பெற்றோர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால், காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். அதனால் விண்ணப்பத்தில் தொகையும் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும்.

அப்புறம், தனிச்செய்தியில் கணக்கை உடைத்துக் காட்டுங்கள்: “பருவக் கட்டணம் ரூ. 14,000, செலுத்தியது ரூ. 4,500, பாக்கி ரூ. 9,500.” இந்த 14,000 கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு அந்த வகுப்புக்கு அனுமதித்ததற்கு உட்பட்டதா என்று அனுப்புமுன் ஆணையை எடுத்துப் பாருங்கள். வேன் கட்டணத்தையும் நோட்டுப் பணத்தையும் இதில் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டால், கேள்வி கேட்கும் முதல் பெற்றோரிடமே மாட்டிக்கொள்வீர்கள்.

25ஆம் தேதியும் தாண்டினால், பெற்றோருக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம், அதற்கும் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். எந்தச் சீட்டையும் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம்.