கிலோவுக்கான வெப்ப ஏற்புத்திறன் தப்பா வருது

“கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக் கழிவு வாயு: கன அளவில் மீத்தேன் 60%, கார்பன் டை ஆக்சைடு 40%, மொத்த அழுத்தம் 100 kPa. Cp எனக்கு 1.68 வருது, விடை 1.33. எங்க தப்பு?”

தம்பி, கன அளவு விகிதம்தான் மோல் பின்னம். அதனால பகுதி அழுத்தம் 60, 40 kPa, அது சரி. ஆனா கிலோவுக்கான Cp-யை (2.23, 0.843) மோல் பின்னத்தால பெருக்கிட்டீங்க. அங்கதான் சறுக்கல்.

கலவையின் மோலார் நிறை 0.6×16 + 0.4×44 = 27.2. இதுல மீத்தேன் பங்கு 9.6 தான். ஆக நிறைப் பின்னம் 0.353, கார்பன் டை ஆக்சைடு கனமானது, 0.647 எடுத்துக்குது. இப்போ பெருக்குங்க: 0.787 + 0.545 = 1.33 kJ/kg·K.

சந்தேகம்னா மோலார் Cp (35.7, 37.1) வச்சுப் பாருங்க, 36.26-ஐ 27.2-ஆல வகுத்தாலும் அதேதான்.

ஒண்ணு, கலன்ல இருந்து நேரா வர்ற வாயு ஈரமா இருக்கும். 35°C-ல நீராவியே 5.6 kPa பிடிச்சுக்கும், மீத்தேனுக்கு 56.6 தான் மிஞ்சும்.