டியூட்டர் அறிமுக வீடியோவில் என்ன பேசுவது?

"ப்ரெப்ளி என்ற ஆன்லைன் டியூஷன் தளத்தில் தமிழ் கற்றுத்தர ப்ரொஃபைல் போடுகிறேன். அறிமுக வீடியோவில் பெயரும் படிப்பும் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது."

படிப்பு ப்ரொஃபைலிலேயே எழுத்தில் இருக்கிறதே, அதை விடுங்கள். முதல் வகுப்பில் என்ன நடக்கும் என்றுதான் பார்ப்பவர் தெரிந்துகொள்ள நினைப்பார். பாட்டியிடம் போனில் பேச ஆசைப்படுபவரை மனதில் வைத்து ஆங்கிலத்தில் தொடங்குங்கள். அப்புறம் "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்பதை மெதுவாக ஒருமுறை, இயல்பான வேகத்தில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். உங்கள் குரலும் பாடம் நடத்தும் விதமும் அதிலேயே தெரிந்துவிடும்.

2 நிமிடம் வரை அனுமதி உண்டு, ஆனால் ஒன்றே போதும். போன் நம்பர் சொல்லாதீர்கள், ஏற்க மாட்டார்கள். போனைப் படுக்கைவாட்டில், கண் உயரத்தில் வையுங்கள். முழுதாக எழுதிப் படித்தால் கண் ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். மூன்று குறிப்புச் சொற்களை மட்டும் லென்ஸ் அருகில் ஒட்டிக்கொள்ளுங்கள்.