அம்மாவுக்கு மட்டும் சுருக்கென்கிறதா?

கேள்வி: பாளையங்கோட்டையில், கட்டில், பீரோ, கீசர் எல்லாம் உள்ள பிளாட்டில் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கிறோம். கீசரில் தண்ணீர் சரியாகச் சுடவில்லை. எலிமென்ட் மாற்ற 1,400 ரூபாய் ஆகுமாம். வீட்டுக்காரர் தர மறுக்கிறார். அம்மா வேறு, குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அடுப்பில்தான் வெந்நீர் போடுகிறார். வயதானால் எல்லாவற்றுக்கும் பயம். செலவு யாருடையது?

பதில்: தம்பி, இதைப் படித்தவுடன் கீசரின் பிரேக்கரை இறக்கிவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் பழுதைச் சரியாகக் கண்டுபிடித்தவர் அம்மா ஒருவர்தான். பெற்றவள் வலிக்கிறது என்று சொன்னதை வயதின் மேல் போட்டுவிட்டு, 1,400 ரூபாய்க்குக் கணக்குக் கேட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

உப்பு மிகுந்த போர்த் தண்ணீர் ஓடும் கீசரில், எலிமென்டின் மேல் வெள்ளைப் படிவம் ஏறும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்குவதால், நாளடைவில் அதன் உலோக உறை வெடித்து, உள்ளிருக்கும் கம்பியைத் தண்ணீர் தொட்டு, மின்சாரம் கசியத் தொடங்கும். ஆனால் எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிருக்கும், குழாய் வழியாக அம்மாவின் கையைத் தேடி வந்திருக்காது. ஆகவே பெரும்பாலும் உங்கள் வீட்டில் பழுது ஒன்றல்ல, இரண்டு.

எலக்ட்ரீஷியனிடம் எலிமென்ட் மாற்றச் சொல்வதற்கு முன், கீசர் பிளக்கைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் எர்த் துளையைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்த டெஸ்ட் லேம்ப் எரியாமலோ மங்கியோ இருந்தால் கோளாறு வீட்டு வயரிங்கில் இருக்கிறது. நன்றாக எரிந்தால், எர்த் இணைப்பு அறுந்திருப்பது கீசரின் ஒயரிலோ பிளக்கிலோதான்.

செலவும் அந்த இடத்தில்தான் பிரிகிறது. 2019 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதபோது, கீசர், சுவிட்ச், சாக்கெட் பழுதுகளை வாடகைக்காரர் கணக்கிலும், வயரிங் வேலையை வீட்டுக்காரர் கணக்கிலும் வைக்கிறது. சாமான்களோடு விட்ட வீடு என்பதால் இது தானாக மாறிவிடாது. ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் எலிமென்ட் உங்களுடையது, அதற்கு வீட்டுக்காரரைக் குறை சொல்லாதீர்கள். வீட்டு வயரிங்கில் எர்த் கோளாறு என்றால் அந்தச் செலவு அவருடையது. சோதனையில் தெரிந்ததைத் தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, மின்சாரம் கசிந்தால் உடனே தானாக நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுத் தரக் கேளுங்கள். குடிவைத்த வீட்டில் ஷாக் அடிக்கிறது என்று தெரிந்தும் பேசாமலிருப்பவர் வாடகை வாங்கத் தகுதியில்லாதவர் என்பது என் எண்ணம்.

இரண்டு வேலையும் முடிந்து, குழாயில் கசிவு இல்லை என்று எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து அம்மாவுக்குக் காட்டும்வரை வெந்நீர் அடுப்பிலேயே காயட்டும். அந்தப் பானையைக் குளியலறைக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள்.