ராத்திரியில் வழியும் மாடி டேங்க்: கேள்வி பதில்

கும்பகோணம் பக்கம் ஒருவர்: அண்ணே, பகல்ல வோல்டேஜ் சரியில்ல. ராத்திரி மோட்டாரைப் போட்டுட்டுப் படுத்துடுவோம். ஃப்ளோட் வால்வு அடிக்கடி சிக்கி விடிய விடிய வழியுது. போர்ல 1 ஹெச்.பி. சப்மெர்சிபிள், 1000 லிட்டர் டேங்க். வேற வால்வு மாத்தலாமா?

மாற்ற வேண்டாம் தம்பி, கழற்றியே விடுங்கள். வால்வு தண்ணீரைத்தான் அடைக்கும், மோட்டாரை நிறுத்தாது. அது சரியாக மூடிய ராத்திரிகளிலும் உங்கள் மோட்டார் அடைத்த குழாயை முட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. அப்படி ஓடினால் பம்ப் சூடேறும், பி.வி.சி. ஒட்டு விட்டுப்போகும். சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீரில் இருக்கும் உப்பும் இரும்பும்தான். தண்டு நகரும் இடத்தில் வெள்ளையும் துருநிறமுமாகப் படிந்திருக்கும், விரலால் தேய்த்தாலே சொரசொரக்கும். பந்து மேலே வந்தாலும் பிஸ்டன் பாதியில் நின்றுவிடும். புது வால்விலும் அதேதான் படியும்.

உங்களுக்கு வேண்டியது, டேங்க் நிறைந்ததும் கரண்டையே அறுக்கும் கேபிள் ஃப்ளோட் சுவிட்ச். ஆனால் அதை நேராக மோட்டாருக்குப் போகும் பேஸ் லைனில் போட்டுவிடாதீர்கள். உங்கள் பெட்டியில் பச்சைப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால்தானே மோட்டார் கிளம்புகிறது? அந்தப் பட்டன்தான் ஸ்டார்ட் கெப்பாசிட்டரைச் சேர்க்கிறது. விடிகாலையில் யாராவது குளித்து மட்டம் இறங்கினால் ஃப்ளோட் மறுபடி சேரும். பட்டனை அழுத்த ஆள் இல்லாததால் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே கிடந்து காயில் எரியும்.

அதனால் 230 வோல்ட் காயில் உள்ள ஒரு கான்டாக்டரை, அதாவது காயிலில் கரண்ட் இருக்கும்வரை மட்டும் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சை, நடுவில் வையுங்கள். பேஸ் முதலில் ஆஃப் பட்டன், பிறகு ஃப்ளோட், பிறகு ஆன் பட்டன், அங்கிருந்து காயில், மறுமுனை நியூட்ரல். கான்டாக்டரின் துணைக் கான்டாக்டை ஆன் பட்டனுக்கு இணையாகப் பிடியுங்கள். டேங்க் நிறைந்ததும் கான்டாக்டர் விழும். ஆள் வந்து ஆன் அழுத்தும்வரை எழாது. கரண்ட் போய் வந்தாலும் தானாக ஓடாது.

ஃப்ளோட்டில் மூன்று வயர் வரும். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டர் வைத்து, தூக்கினால் விடுபடும் ஜோடியை எடுங்கள், மூன்றாவதை டேப் சுற்றி மூடுங்கள். ஓவர்ஃப்ளோ குழாய்க்கு நாலு விரல் கீழே மட்டம் வரும்போது அறுபடும்படி கட்டுங்கள். சுவரிலும் விழும் தண்ணீரிலும் படக்கூடாது. மோட்டார் ஓடும்போது கேபிளை வெளியிலிருந்து இழுத்துத் தூக்கிப் பாருங்கள், உடனே நிற்க வேண்டும்.

மெயினை இறக்காமல் டேங்குக்குள் கை விடாதீர்கள். கரண்ட் கசிந்தால் உடனே அறுக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

மயிலாடுதுறை அம்மா ஒருவர்: எங்களுக்கு மோட்டாரே கிடையாது, நகராட்சித் தண்ணி நேரா மேல ஏறுது. அதுவும் ராத்திரிதான் வழியுது. எனக்கும் சுவிட்சா?

இல்லைங்கம்மா, உங்களுக்கு வால்வுதான் சரி. ராத்திரி தெருவில் யாரும் குழாய் திறப்பதில்லை, அழுத்தம் கூடுகிறது. தண்ணீர் வரும் நேரத்தில் பந்தைக் கையால் தூக்கச் சொல்லுங்கள். தூக்கியதும் நின்றால் கம்பியைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்தால் போதும். நிற்கவில்லை என்றால் வாஷர் போயிருக்கிறது. பந்தை ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் அது ஓட்டை.

திருவாரூர் வாசகர்: எதுக்கு இவ்ளோ வேலை? 25 நிமிஷ டைமர் போட்டா முடிஞ்சுது. நாலு வருஷமா எங்க வீட்ல அப்படித்தான்.

பாதி டேங்க் தண்ணீர் இருக்கும்போது போட்டால் 25 நிமிஷத்தில் பாதி வெளியே போகும். சித்திரையில் போர் மட்டம் இறங்கினால் அதே 25 நிமிஷத்தில் டேங்க் நிறையாது.

அதே வாசகர்: ஆத்துல தண்ணி வந்ததும் நேரத்தைக் குறைச்சுக்கறேன். ஃப்ளோட் கெட்டுப்போனா உங்களுக்கு என்ன காவல்?

அந்தக் கேள்வி நியாயம். ஃப்ளோட்டோடு டைமரையும் 45 நிமிஷத்துக்குக் காவலாக வைத்தால் நானும் ஒப்புக்கொள்வேன். டைமர் மட்டும் என்றால் மாட்டேன்.

பட்டுக்கோட்டை விவசாயி: இவர் சொல்றதுதான் சரி, டைமர் போதும். என்னோடது த்ரீ பேஸ் ஸ்டார்ட்டர். ஃப்ளோட்டை அதுல மாட்டலாமா?

காயில் 415 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் 250 வோல்ட் ஃப்ளோட்டை அதில் மாட்டவே கூடாது. நடுவில் ரிலே வேண்டும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நாகப்பட்டினம்: எங்க சம்ப்ல தண்ணி தீர்ந்தும் மோட்டார் ஓடுது. இதே ஃப்ளோட் போதுமா?

மேலே இருப்பதற்குக் கீழே நடப்பது தெரியாது. சம்ப்பில் இன்னொன்று வையுங்கள், தொங்கினால் விடுபடும் ஜோடியில். இரண்டையும் தொடராக இணையுங்கள்.

வேறொருவர்: எங்க வீட்லயும் ராத்திரி வழியுது, ஃப்ளோட் வால்வு மாத்தலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

இன்னொருவர்: வால்வையும் விட்டுட்டு சுவிட்சையும் சேர்த்துப் போட்டா ரெட்டைக் காவல்தானே?

வால்வு முதலில் மூடினால் தண்ணீர் சுவிட்ச் மட்டத்துக்கு ஏறவே ஏறாது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார் லைனில் வால்வு வேண்டாம் என்று சொன்னேனே, கழற்றுங்கள். மெயினை இறக்கிவிட்டு.